முதல் வேலையை லிங்க்ட்இனில் எப்படிச் சொல்வது: நான்கு வழிகள், எது யாருக்கு?

படிப்பை முடித்து முதல் வேலையில் சேர்ந்தவர்கள் அதை லிங்க்ட்இனில் அறிவிக்க நான்கு வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. சுயவிவரத்தில் வேலையைச் சேர்த்துவிட்டு, தளமே எழுதித் தரும் ஒற்றை வரியை அப்படியே வெளியிடுவது ஒன்று. ஆஃபர் லெட்டரையோ ஐடி கார்டையோ படம் எடுத்துப் போடுவது இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் தொடங்கி நேர்முகம் வரை பட்ட பாட்டை நீளமாக எழுதுவது மூன்றாவது. எங்கே, என்ன பொறுப்பில், என்ன வேலைக்குச் சேர்ந்தேன் என்பதை எட்டுப் பத்து வரியில் சொல்லி முடிப்பது நான்காவது.

பெரும்பாலானவர்களுக்கு நான்காவதே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. முதல் வழியே போதும் என்ற நிலைமையும் உண்டு. மூன்றாவதை எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றுபவர்கள் அதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை வெட்டலாம் என்றும் பார்ப்போம். ஒப்பிடுவதற்கு ஒரே செய்தியை எடுத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்த ஒரு மாணவி, கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கிராஜுவேட் எஞ்சினியர் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறார். முதலில் அனுப்பியிருப்பது டெஸ்டிங் பிரிவுக்கு.

யார் படிக்கப் போகிறார்கள்

இந்தப் பதிவை மூன்று விதமான ஆட்கள் படிப்பார்கள். கூடப் படித்தவர்கள், சீனியர்கள், ஆசிரியர்கள் ஒரு வகை. அவர்களில் இன்னும் வேலை கிடைக்காதவர்களும் இருப்பார்கள். இன்று இல்லாவிட்டாலும் இரண்டு வருடம் கழித்துத் தேடிப் பார்க்கும் ரெக்ரூட்டர்கள் அடுத்த வகை. புதிய அலுவலகத்தின் மேனேஜர், எச்.ஆர்., பக்கத்து இருக்கைக்காரர் மூன்றாவது வகை. எழுதும்போது பலரும் மறந்துபோவது இந்த மூன்றாவது வகையைத்தான். "எஞ்சினியராகப் பொறுப்பேற்கிறேன்" என்று எழுதினால், நீங்கள் டிரெய்னி என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "மழலை எட்டு வைக்கும் எளியவன்" என்று எழுதினால், தேர்வு செய்தவர்களுக்கே அது சங்கடமாக இருக்கும்.

தம்பட்டம், மழுப்பல் இரண்டும் எங்கே நுழைகின்றன என்று பார்த்தால், பெயர்களும் விவரங்களும் இருக்க வேண்டிய இடத்தில் அடைமொழிகள் வந்து உட்கார்ந்திருக்கும். "இந்தியாவின் முன்னணி நிறுவனம்" என்பது தம்பட்டமாகவும் ஒலிக்கிறது, எந்த நிறுவனம் என்றும் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டால் "முன்னணி" தானாக உதிர்ந்துவிடும். படிப்பவருக்கு அந்த நிறுவனத்தைத் தெரிந்திருந்தால் மதிப்பை அவரே போட்டுக்கொள்வார்.

எழுதுவதற்கு முன்: ஆஃபர் வந்தபோதா, சேர்ந்த பிறகா?

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் முடிவு செய்ய வேண்டியது நாள். கேம்பஸ் இன்டர்வியூவில் ஏழாவது செமஸ்டரிலேயே ஆஃபர் வந்துவிடும். சேர்வது படிப்பு முடிந்து ஜூன், ஜூலைக்குப் பிறகு. நடுவில் உள்ள மாதங்களில் அந்த ஆஃபர் நிபந்தனைகளோடுதான் நிற்கிறது. ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது, சான்றிதழ்கள் சரிபார்க்கப்பட வேண்டும், மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும், சில இடங்களில் பயிற்சித் தேர்வு ஒன்றும் இருக்கும். நிறுவனமே சேரும் தேதியைத் தள்ளிப்போடவும் செய்யும். 2022-ல் ஆஃபர் வாங்கிய ஐடி மாணவர்கள் சிலர் சேருவதற்கு இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது செய்திகளிலேயே வந்தது. ஆஃபர் வந்த அன்றே அறிவித்தவர், தேதி தள்ளிப்போனால் பார்ப்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட நல்ல ஆஃபர் வந்து மாறினாலும் அதே சங்கடம்.

அதனால் சேர்ந்து ஒரு வாரம் ஆன பிறகு எழுதுவது நல்லது. அந்த ஒரு வாரத்தில் பிரிவு எது, பயிற்சி எத்தனை மாதம், பதவியின் சரியான பெயர் என்ன என்பதெல்லாம் கையில் வந்துவிடும். பதிவில் எழுத அப்போதுதான் விஷயமும் இருக்கும். ஆஃபர் கட்டத்தில் எழுதுபவர்களிடம் மகிழ்ச்சியைத் தவிர சொல்ல வேறொன்றும் இருக்காது. மழுப்பல் பாதி அங்கிருந்து வருகிறது.

ஒரே சிக்கல், கல்லூரி. பிளேஸ்மென்ட் செல் உங்கள் படத்தோடும் சம்பளத் தொகையோடும் பேனர் போட்டு, அதில் உங்களை டேக்கும் செய்துவிடும். அதைத் தடுப்பது கடினம். ஆனால் அதை நீங்கள் மறுபகிர்வு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு நன்றியை அதன் கீழே எழுதிவிட்டு உங்கள் பதிவைச் சேர்ந்த பிறகு போடலாம்.

முதல் வழி: தளம் தரும் ஒற்றை வரி

சுயவிவரத்தில் புதிய வேலையைச் சேர்க்கும் படிவத்தில் `Notify network` என்ற பொத்தான் இருக்கும். அதை இயக்கினால், உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்குச் செய்தி போகும். தளம் முன்வைக்கும் வாசகம் இப்படி இருக்கும்:

`I'm happy to share that I'm starting a new position as Graduate Engineer Trainee at …!`

இதில் தம்பட்டம் கிடையாது. பதவியும் நிறுவனமும் இருப்பதால் மழுப்பலும் கிடையாது. இரண்டு நிமிட வேலை. வாழ்த்துகளும் குறைவில்லாமல் வரும். இதன் குறை வேறு: படித்தவருக்கு உங்களிடம் அடுத்து கேட்க ஒன்றும் இருக்காது. "வாழ்த்துகள்" என்பதைத் தாண்டி எந்தப் பின்னூட்டமும் வராது. பம்ப் டெஸ்டிங்கில் பத்து வருடம் இருக்கும் ஒரு சீனியர் உங்கள் தொடர்பில் இருந்தால், நீங்கள் அவருடைய துறைக்குள் வந்திருப்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

எழுதவே பிடிக்காதவர்கள், கண் திருஷ்டி பற்றி வீட்டில் கவலைப்படுபவர்கள், பயிற்சிக் காலம் முடியும்வரை அடக்கி வாசிக்க நினைப்பவர்கள், ஒப்பந்த நிறுவனத்தின் வழியாகச் சேர்ந்து இன்னும் நிலை தெளிவாகாதவர்கள் ஆகியோருக்கு இதுவே சரியான வழி. பெயரையும் பதவியையும் மறைத்துக்கொண்டு "வாழ்க்கையில் ஒரு பெரிய மாற்றம், விரைவில் சொல்கிறேன்" என்று எழுதுவதைவிட இந்த ஒற்றை வரி எவ்வளவோ மேல். சொல்ல முடியாத செய்தி என்றால் பதிவே வேண்டாம், சுயவிவரத்தை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வழியில் தவறு நடப்பது நிறுவனத்தின் பெயரில். பெயரைத் தட்டும்போது கீழே விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டச்சு செய்து அப்படியே விட்டால் நிறுவனத்தின் லோகோவுக்குப் பதில் சாம்பல் நிறக் கட்டம் வரும், அவர்களுடைய பக்கத்தோடு இணைப்பும் இருக்காது. கோவையில் ஒரே குடும்பப் பெயரில் பம்ப், மோட்டார், ஃபவுண்டரி என்று மூன்று நான்கு நிறுவனங்கள் இருப்பது சாதாரணம். ஆஃபர் லெட்டரில் அச்சாகியிருக்கும் பெயர் எதுவோ அதைத் தேடி எடுங்கள். உங்களுக்குச் சம்பளம் போடுவது வேறொரு ஏஜென்சி என்றால் அந்த ஏஜென்சியின் பெயரைத்தான் போட வேண்டும். பின்னாளில் வேறு வேலைக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்பில் இந்த இரண்டு பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும்.

இரண்டாவது வழி: ஆஃபர் லெட்டர், ஐடி கார்டு படம்

இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். ஆஃபர் லெட்டரில் உங்கள் வீட்டு முகவரி, சம்பளப் பிரிப்பு, கையெழுத்திட்டவரின் பெயரும் கையொப்பமும், நிறுவனத்தின் கடிதத் தலைப்பு எல்லாம் இருக்கின்றன. போலி ஆஃபர் லெட்டர் தயாரித்து மாணவர்களிடம் "டெபாசிட்" வாங்கும் கும்பல்களுக்கு நல்ல தெளிவான ஒரு மாதிரி அதைவிட வேறு கிடைக்காது. ஐடி கார்டில் பணியாளர் எண்ணும் பார்கோடும் இருக்கும். நம் ஊரில் பல கார்டுகளின் பின்பக்கம் ரத்த வகையும் அவசரத் தொடர்புக்கான அப்பாவின் கைப்பேசி எண்ணும்கூட அச்சாகியிருக்கும். தொகையை மட்டும் கறுப்படித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், கடிதத்தின் மற்ற பகுதியெல்லாம் படிக்கும்படி விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களைக் குறிவைத்து, நிர்வாக இயக்குநர் பெயரில் "மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாகக் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு" என்று வரும் மோசடிச் செய்திகள் பல நாடுகளில் நடப்பவை. புதியவருக்கு இயக்குநரின் எண் தெரியாது, கேட்கத் தயங்குவார் என்ற கணக்கில் செய்வது. எந்தப் பதிவு போட்டாலும் இந்த ஆபத்து கொஞ்சம் உண்டு. கைப்பேசி எண்ணும் பணியாளர் எண்ணும் படத்தில் தெரிந்தால் அவர்கள் வேலை சுலபமாகிவிடும்.

படம் வேண்டும் என்றால் நிறுவனத்தின் வாசல் பலகை முன்னால் எடுத்த சாதாரணப் படம் போதும். ஷாப் ஃப்ளோரில் எடுக்க வேண்டாம். பின்னால் டிராயிங், புது மாடல், உற்பத்தி எண்ணிக்கை எழுதிய போர்டு என்று எது விழும் என்று சொல்ல முடியாது. பதிவிட்ட பிறகு எழுத்தைத் திருத்தலாம், ஆனால் படத்தை மாற்ற முடியாது. பதிவையே நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்குள் வந்த வாழ்த்துகளும் போய்விடும்.

மூன்றாவது வழி: நீண்ட கதை

லிங்க்ட்இன் பதிவு 3,000 எழுத்துகள்வரை இடம் தருகிறது. இடம் இருக்கிறதே என்று எழுதத் தொடங்குபவர்கள் வழக்கமாகப் போகும் பாதை இது: பத்தாம் வகுப்பு மதிப்பெண், கிடைக்காத கல்லூரி, நிராகரித்த நிறுவனங்களின் எண்ணிக்கை, மனம் உடைந்த இரவு, திருப்புமுனை, கடைசியில் வேலை. அதற்கும் கீழே பதினைந்து பேருக்கு நன்றி. நம் மாணவியின் செய்தி இந்த வடிவில் எழுதப்பட்டால் இப்படி இருக்கும்:

> கனவு நனவானது! 300 பேர் எழுதிய தேர்வில் தேர்ந்தெடுக்கப்பட்ட 4 பேரில் ஒருத்தியாக, இந்தியாவின் முன்னணி பம்ப் நிறுவனத்தில் எஞ்சினியராக அடியெடுத்து வைக்கிறேன். கோர் துறையில் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். 11 கம்பெனிகள் என்னை நிராகரித்தன. நான் மனம் தளரவில்லை. கடின உழைப்பு ஒருநாளும் வீண்போகாது என்பதற்கு நானே சாட்சி. என்னை நம்பியவர்களுக்கு நன்றி, நம்பாதவர்களுக்கு அதைவிட நன்றி…

எழுதியவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் இது உறுத்துகிறது. காரணம் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது: தேர்வாகாத 296 பேரில் பலர் அவர் வகுப்பிலேயே இருந்தவர்கள், இதைப் படிக்கப் போவதும் அவர்கள்தான். கடின உழைப்பு வீண்போகாது என்ற வரி, வேலை கிடைக்காதவர் உழைக்கவில்லை என்று சொல்லாமல் சொல்கிறது. "நம்பாதவர்களுக்கு நன்றி" என்பதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று யோசிப்பார்கள். இத்தனைக்கும் பிறகு அவர் என்ன வேலை பார்க்கப் போகிறார் என்பது தெரியவில்லை. பதவியும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது, "டிரெய்னி" காணாமல் போயிருக்கிறது.

நீண்ட பதிவுக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. படிப்பவருக்குப் பயன்படும் வழித்தடம் உங்களிடம் இருந்தால் எழுதலாம். உதாரணமாக, கேம்பஸுக்கு வராத பம்ப் கம்பெனிகளுக்கு எப்படி விண்ணப்பித்தார், சிட்கோ, அரசூர் பக்கம் இருக்கும் நடுத்தர நிறுவனங்களில் ரெஸ்யூமை யாரிடம் கொடுத்தார், நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்பதை எழுதினால் ஜூனியர்கள் அதைச் சேமித்து வைத்துக்கொள்வார்கள். ஆனால் அதை அறிவிப்போடு ஒட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தனிப் பதிவாகப் போட்டால் அது வழிகாட்டியாகப் படிக்கப்படும். அறிவிப்போடு சேர்ந்தால் அதே வரிகள் வெற்றிக் கதையாகப் படிக்கப்படும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதை எழுதலாமா என்று பலரும் கேட்பார்கள். தாராளமாக எழுதலாம், அது உண்மையான செய்தி. எழுதும் இடத்தில்தான் கவனம் வேண்டும். அதையே தலைப்பாக்கி, அம்மா அப்பா பட்ட சிரமத்தை அடுக்கிக்கொண்டே போனால், அவர்களுடைய வாழ்க்கை உங்கள் பதிவுக்கு அலங்காரமாகிவிடும். "எங்கள் வீட்டில் பட்டம் வாங்கி வேலைக்குப் போகும் முதல் ஆள் நான். அப்பா அம்மாவுக்கு இந்த வாரம் பெரிய சந்தோஷம்" என்று கடைசிக்கு முன் வரியில் சொல்லி நிறுத்திவிட்டால், சொல்ல வேண்டியது முழுதாகப் போய்ச் சேரும்.

நான்காவது வழி: எட்டுப் பத்து வரி

இதில் நான்கு செய்திகள் இருந்தால் போதும். நிறுவனம், ஊர், பதவி, சேர்ந்த நாள் முதல் வாக்கியத்தில். என்ன வேலை என்பது அடுத்த வாக்கியத்தில், அந்தத் துறை தெரியாதவருக்கும் புரியும்படி. வேலைக்கு இட்டுச்சென்ற ஒரு விஷயமும், அதற்கு உதவிய ஒருவர் இருவருக்கு நன்றியும் அடுத்து. கடைசியில், படிப்பவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி.

முதல் வாக்கியத்தின் இடம் முக்கியம். கைப்பேசியில் முதல் இரண்டு மூன்று வரிகள் மட்டும் தெரியும், மீதியைப் பார்க்க விரித்துப் படிக்க வேண்டும். தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் அந்த வரிகளுக்குள் பதினைந்து இருபது சொற்கள்தான் அடங்கும். அந்த இடத்தை "அனைவருக்கும் வணக்கம், மிகுந்த மகிழ்ச்சியுடன் பகிர்ந்துகொள்வது என்னவென்றால்" என்பதற்குக் கொடுத்துவிட்டால், விரிக்காமல் கடந்து போகிறவருக்குச் செய்தியே கிடைக்காது.

இனி நம் மாணவியின் பதிவை எழுதுவோம். கோடிட்ட இடத்தில் நிறுவனத்தின் பெயர்.

> ஜூலை 1 முதல் கோவை ______ நிறுவனத்தில் கிராஜுவேட் எஞ்சினியர் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறேன். இப்போது டெஸ்டிங் பிரிவில் பயிற்சி: விவசாயத்துக்கும் வீட்டுக்கும் போகும் பம்ப்செட்கள் எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகின்றன, அதற்கு எவ்வளவு கரண்ட் எடுக்கின்றன என்று அளந்து பார்க்கும் வேலை.
>
> கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்ட்டில் ஒரு மோனோபிளாக் பம்பின் எஃபிஷியன்சியை அளந்தோம். நேர்முகத்தில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்கள் அளவு ஏன் கேட்லாக்கோடு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்க, சனிக்கிழமைகளில் லேபைத் திறந்துவிட்டுக் கூடவே இருந்த ஹைட்ராலிக்ஸ் லேப் அண்ணனுக்கு நன்றி. இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்ன சீனியர் அக்காவுக்கும் நன்றி.
>
> பம்ப் டெஸ்டிங்கில் இருப்பவர்கள், ஐ.எஸ். 9079, ஐ.எஸ். 8034 இரண்டையும் படிக்க ஆரம்பிக்கும்போது எதில் கவனம் வைக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

எண்ணிப் பார்த்தால் தொண்ணூறு சொற்களுக்குச் சற்றுக் குறைவு. இதில் எந்த அடைமொழியும் இல்லை. "300 பேரில் 4 பேர்" போய்விட்டது, ஆனால் நேர்முகத்தில் ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேட்டார்கள் என்பது இருக்கிறது. அது தகுதியைச் சொல்கிறது, யாரையும் கீழே இறக்கவில்லை. அளவு கேட்லாக்கோடு ஒத்துவரவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வரி, துறைக்காரர் கண்ணில் உடனே படும். டெஸ்டிங்கில் தினமும் நடப்பது அதுதான். ஃப்ளோ மீட்டரின் பிழையா, சக்ஷன் பக்கம் காற்று போகிறதா, வோல்டேஜ் குறைந்து மோட்டார் வேகம் இறங்கியதா என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அந்த உரையாடல் பத்து வாழ்த்துகளைவிட உங்களுக்கு உதவும்.

ஐ.எஸ். எண்களைப் போட்டது படம் காட்டுவதற்காக இல்லை. 9079 மோனோசெட் பம்புகளுக்கான இந்தியத் தரம், 8034 சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கு. அந்த எண்களைப் பார்த்ததும் யாரிடம் கேட்கிறார் என்பது துறைக்காரருக்குப் புரியும். ஆனால் படித்துப் புரியாத தரத்தின் எண்ணை எழுதக் கூடாது, ஒருவர் அடுத்த கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வோம். வேறு துறைக்காரர்கள் இந்த இடத்தில் தங்களுக்கு உரியதை வைக்கலாம். ஆடிட் ஆபீஸில் சேர்ந்த பி.காம். பட்டதாரி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பற்றியும், மருத்துவமனையில் சேர்ந்த செவிலியர் தான் இருக்கும் வார்டு பற்றியும் கேட்கலாம். நோயாளி, கிளையன்ட் பற்றிய விவரம் மட்டும் எந்த வடிவிலும் வரக் கூடாது. ஐடி சேவை நிறுவனத்தில் சேர்ந்தவர்களுக்கும் இதே கட்டுப்பாடு: எந்த வங்கிக்காக, எந்தக் கடைத்தொடருக்காக வேலை செய்கிறீர்கள் என்பது பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தத்துக்குள் வரும். "வங்கித் துறைக்கான சாஃப்ட்வேர் டெஸ்டிங்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம், அதையும் டீம் லீடிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

"டிரெய்னி" என்ற சொல்லை விடுவதற்குப் பலருக்கு ஆசை வரும். விடாதீர்கள். அது உங்கள் ஆஃபர் லெட்டரில் இருக்கும் பதவி. அடுத்த வருடம் பயிற்சி முடிந்து "எஞ்சினியர்" ஆகும்போது சுயவிவரத்தில் அதைத் தனி வரியாகச் சேர்த்தால் வளர்ச்சி தெரியும். இன்றே எஞ்சினியர் என்று போட்டுவிட்டால் அந்தப் படி காணாமல் போகும். அப்ரென்டிஸாகச் சேர்ந்தவர்கள் அப்ரென்டிஸ் என்றே எழுத வேண்டும். அப்ரென்டிஸ் பயிற்சி நிரந்தர வேலை ஆகாது, அந்த ஒப்பந்தம் தனிச் சட்டத்தின் கீழ் வருவது. அதை மறைத்து எழுதினால், ஒரு வருடம் கழித்து வேலை தேடும்போது ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

சின்ன நிறுவனம் என்ற கூச்சத்தில் பெயரை மழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர் தெரியாத நிறுவனம் என்றால், என்ன தயாரிக்கிறது, எந்த ஊர் என்ற இரண்டும் கூட வந்துவிட்டால் போதும். "சூலூரில் உள்ள ______, பம்புக்கான வார்ப்புகள் செய்யும் ஃபவுண்டரி" என்பது தெளிவான அறிமுகம். "ஒரு புகழ்பெற்ற உற்பத்தி நிறுவனம்" என்பதைப் பார்த்தால் எதையோ மறைக்கிறார் என்றுதான் தோன்றும்.

நன்றி சொல்வதில் ஒரு நடைமுறை விஷயம். ஒருவர் செய்த காரியத்தைச் சொல்லி நன்றி சொன்னால் அது நன்றி. பெயர்களை வரிசையாக டேக் செய்தால், அத்தனை பேருக்கும் அறிவிப்பு போய், வாழ்த்து வாங்க அழைத்ததுபோல் ஆகும். டேக் செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களைப் பரிந்துரைத்த சீனியர் அங்கேயே வேலை செய்கிறார் என்றால், அது வெளியே தெரிவதை அவர் விரும்பாமல் இருக்கலாம். தெரிந்த மறுநாளே அவருக்கு நாற்பது ரெஸ்யூம் வந்து சேரும். அதனால்தான் மேலே உள்ள பதிவில் "சீனியர் அக்கா" என்று நின்றிருக்கிறது. நேர்முகம் எடுத்தவர்களை டேக் செய்யவே வேண்டாம்.

சம்பளம் எந்த வடிவிலும் வேண்டாம். பல ஆஃபர் லெட்டர்களில் அதை வெளியிடக் கூடாது என்ற வரியே இருக்கும். அது இல்லாவிட்டாலும், சி.டி.சி. என்று சொல்லும் தொகையில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, சில இடங்களில் வேரியபிள் பே எல்லாம் அடங்கியிருப்பதால், கையில் வருவதைவிடப் பெரிய எண்ணாகத்தான் தெரியும்.

மேலே உள்ள மாதிரி தமிழில் இருக்கிறது. உங்கள் வட்டம் ஆங்கிலத்தில் படிப்பது என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், வரிசை இதுவே. இரண்டு மொழியிலும் அடுத்தடுத்து ஒட்ட வேண்டாம், நீளம் இரட்டிப்பாகிக் கேள்வி அடியில் புதைந்துவிடும்.

பதிவிடும் நாளில் செய்யும் வரிசை

முதலில் பெயருக்குக் கீழே உள்ள வரியில் "வேலை தேடுகிறேன்" என்று இருந்தால் மாற்றுங்கள். அடுத்து படத்தைச் சுற்றி இருக்கும் பச்சை `#OpenToWork` வளையத்தை எடுங்கள். வேலை கிடைத்ததாக அறிவித்த பதிவின் மேலேயே அந்த வளையம் தெரிந்தால் புதிய மேனேஜருக்கு என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு சுயவிவரத்தில் வேலையைச் சேர்க்கும்போது `Notify network` பொத்தானை அணைத்து வைக்கவும். அதுவும் போய், உங்கள் பதிவும் போனால் ஒரே செய்தி இரண்டு முறை வந்து, வாழ்த்து ஒரு பக்கமும் கேள்விக்கான பதில் இன்னொரு பக்கமுமாகச் சிதறும். கடைசியாகப் பதிவு.

வெளியிடும் முன் ஒரு சோதனை: வேலை இன்னும் கிடைக்காத வகுப்புத் தோழர் ஒருவருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் தயங்குகிறாரோ அதை எடுத்துவிடலாம். அதேபோல் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், மாமாவிடமோ சித்தியிடமோ, படித்துக் காட்டிவிட்டு "நான் என்ன வேலை பார்க்கிறேன்?" என்று கேளுங்கள். "ஏதோ பம்ப் கம்பெனியில்" என்று மட்டும் சொன்னால் இரண்டாவது வாக்கியம் இன்னும் தெளிவாக வேண்டும். "மோட்டார் தண்ணி எவ்வளவு இறைக்குதுன்னு பாக்கிற வேலை" என்றால் சரியாக இருக்கிறது.

பதிவு போன பிறகு வரும் செய்திகளில் அதிகம் "எனக்கும் ரெஃபர் செய்" என்பதாகத்தான் இருக்கும். பல நிறுவனங்களில் பயிற்சிக் காலத்தில் இருப்பவர் ரெஃபர் செய்ய முடியாது. எச்.ஆரிடம் அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் பதில் சொல்வது எளிது: "எனக்கு இப்போது ரெஃபர் செய்ய அனுமதி இல்லை. கம்பெனியின் கேரியர்ஸ் பக்கத்தில் போடலாம். நேர்முகத்தில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அடிப்படையும் ப்ராஜெக்ட்டும் கேட்டார்கள், அதைத் தயார் செய்துகொள். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு."